பிரதோஷம் எந்த மாலையில்? ஜொகூரில் நாள் பார்க்கும் முறை

2025ஆம் ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முன் வந்த வளர்பிறைப் பிரதோஷம் ஞாயிற்றுக்கிழமையா, திங்கட்கிழமையா? கைப்பேசிச் செயலியில் ஊர் ‘புதுடில்லி’ என்று இருந்தவர்களுக்கு 9ஆம் தேதி, ஞாயிறு என்று காட்டியிருக்கும். ஜொகூர் பாருவின் சூரிய அஸ்தமனத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் 10ஆம் தேதி, திங்கள்.

ஞாயிறு என்றால் எல்லாருக்கும் வசதிதான். ஜொகூரில் அந்த ஆண்டு ஜனவரி முதல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டாம், பிள்ளைகளையும் ஆலயத்துக்கு அழைத்துப் போகலாம். ஆனால் அந்த ஞாயிறு மாலை ஜொகூரில் சூரியன் மறைந்தபோது இருந்தது துவாதசி. இரவு 9.55 மணிக்குப் பிறகுதான் திரயோதசி பிறந்தது. அன்று பகலெல்லாம் உபவாசம் இருந்து, மாலையில் நந்திக்கு அபிஷேகம் பார்த்து, இரவு எட்டு மணிக்கு விரதத்தை முடித்தவர், பதின்மூன்றாம் திதி தொடங்கும் முன்பே பிரதோஷ விரதத்தை முடித்துவிட்டார்.

இது செயலியின் பிழை என்று சொல்லிவிட முடியாது. டில்லிக்கு அது சரியான விடைதான். அதே விடையை இங்கே எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு.

திதி ஒன்று, அஸ்தமனம் வேறு

திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள தூரத்தின் கணக்கு. அமாவாசையன்று இரண்டும் ஒரே திசையில் நிற்கின்றன. பிறகு சந்திரன் விலகிப் போகப் போக, ஒவ்வொரு 12 பாகைக்கும் ஒரு திதி. வளர்பிறையில் 144 பாகை விலகியதும் திரயோதசி தொடங்குகிறது, 156 பாகையில் முடிகிறது. பௌர்ணமிக்குப் பிறகு தேய்பிறையிலும் இதே கணக்குத்தான். மாதத்துக்கு இரண்டு திரயோதசி, அதனால் இரண்டு பிரதோஷம்.

சந்திரன் 144ஆவது பாகையைத் தொடும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். சென்னைக்கு ஒரு கணம், கூலாயிக்கு வேறு கணம் என்று கிடையாது. கடிகாரம் காட்டும் எண் மட்டும் மாறும். இந்தியாவில் மாலை 5 மணி என்றால் மலேசியாவில் இரவு 7.30.

பிரதோஷத்துக்குத் திதி மட்டும் போதாது. அந்தத் திதி அந்திப் பொழுதில் இருக்க வேண்டும். அந்திப் பொழுது ஊருக்கு ஊர் மாறும். சூரியன் நமக்கு முதலில் மறைகிறது, சென்னைக்குப் பிறகு மறைகிறது. இரண்டு அஸ்தமனங்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. திரயோதசி அந்த இடைவெளிக்குள் தொடங்கினாலோ முடிந்தாலோ, சென்னையில் அந்தி வேளையில் இருக்கும் திதி இங்கே இல்லாமல் போகும், அல்லது இங்கே இருப்பது அங்கே இல்லாமல் போகும்.

கடிகார வித்தியாசம் இரண்டரை மணி, ஆனால் சூரியனின் வித்தியாசம் ஒன்றரை மணிதான். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். சென்னையில் சூரியன் 6 மணிக்கு மறைந்தால், ஜொகூரில் இரவு 8.30க்கு மறைவதில்லை. ஆண்டு முழுவதும் பார்த்தாலும் ஜொகூர் பாருவில் அஸ்தமனம் மாலை 6.50 மணிக்கும் 7.21 மணிக்கும் இடையில்தான் வரும். நவம்பர் தொடக்கத்தில் சீக்கிரம், பிப்ரவரியில் தாமதம்.

தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் இந்திய நேரத்தோடு ‘ரெண்டு மணி கூட்டு’ என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. அவர்கள் காலத்தில் அது சரி. 1982 ஜனவரி முதல் தேதியன்றுதான் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன்பு இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணிதான் வித்தியாசம், ஜொகூரில் பொழுது சாய்வதும் 6.20, 6.30 என்றுதான் இருந்தது. பழைய குறிப்பு நோட்டுகளில் இருக்கும் நேரங்களை அப்படியே இன்று எடுத்துக்கொண்டால் அரை மணி தவறும்.

மூன்றே முக்கால் நாழிகை

தமிழ்நாட்டுச் சிவாலயங்களில் வழங்கும் கணக்குப்படி, பிரதோஷ காலம் என்பது சூரிய அஸ்தமனத்துக்கு முன் மூன்றே முக்கால் நாழிகை, பின் மூன்றே முக்கால் நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆக முன்னே ஒன்றரை மணி, பின்னே ஒன்றரை மணி, மொத்தம் மூன்று மணி நேரம்.

‘பிரதோஷ பூஜை நாலரையிலிருந்து ஆறு’ என்று புத்தகங்களில் படிக்கிறோமே, அது இந்தக் கணக்கின் முன்பாதி. தமிழ்நாட்டில் சூரியன் ஆறு மணியளவில் மறைவதால் நாலரை என்றார்கள். ஜொகூரில் அதே பொழுது ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடிகிறது. இங்கே நாலரை மணிக்கு அபிஷேகத்தைத் தொடங்கினால் பிரதோஷ காலம் இன்னும் பிறக்கவே இல்லை.

வடநாட்டுப் பஞ்சாங்கங்களும், பெரும்பாலான இணையதளங்களும் செயலிகளும் வேறு அளவை எடுக்கின்றன. சூரியன் மறைந்த பிறகு, இரவின் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் அவற்றுக்குப் பிரதோஷ காலம். அஸ்தமனத்துக்கு முன் உள்ள நேரம் கணக்கில் வராது. ஜொகூரில் இரவு எப்போதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் என்பதால், இந்த அளவு அஸ்தமனத்திலிருந்து சுமார் 2 மணி 24 நிமிடம் வரும்.

எந்த அளவை எடுத்தாலும் முடிவு செய்யும் விதி ஒன்றுதான். திரயோதசி எந்த மாலையின் பிரதோஷ காலத்தில் இருக்கிறதோ அந்த மாலையே பிரதோஷம். இரண்டு மாலைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் பட்டால், அதிக நேரம் இருக்கும் மாலையை எடுக்க வேண்டும். காலையில் சூரிய உதயத்தின்போது என்ன திதி என்பது இங்கே பேச்சே இல்லை. நாள்காட்டியின் தாளில் ‘துவாதசி’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அதன் கீழே சின்ன எழுத்தில் ‘பிறகு திரயோதசி’ என்று ஒரு நேரம் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஞாயிறும் திங்களும்

இப்போது பிப்ரவரிக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். திருக்கணிதப்படி திரயோதசி தொடங்கியது 9ஆம் தேதி, இந்திய நேரம் மாலை 7.25. முடிந்தது 10ஆம் தேதி மாலை 6.57. இரண்டரை மணி கூட்டினால் மலேசிய நேரம் 9ஆம் தேதி இரவு 9.55 முதல் 10ஆம் தேதி இரவு 9.27 வரை.

டில்லியில் அந்த நாள்களில் சூரியன் மாலை 6.07க்கு மறைந்தது. வடநாட்டு அளவுப்படி பிரதோஷ காலம் 6.07 முதல் 8.42 வரை. ஞாயிறு மாலை 7.25க்கு வந்த திரயோதசி, அந்த நேரத்துக்குள் 77 நிமிடம் இருந்தது. திங்கள் மாலை 6.07 முதல் 6.57 வரை 50 நிமிடம்தான். ஞாயிறு அதிகம், ஆகவே ஞாயிறு.

ஜொகூர் பாருவில் அப்போது அஸ்தமனம் மாலை 7.21. தமிழ்நாட்டு அளவுப்படி பிரதோஷ காலம் 5.51 முதல் 8.51 வரை. ஞாயிறு மாலை இந்த நேரம் முழுவதும் துவாதசி. திங்கள் மாலை தொடக்கம் முதல் முடிவு வரை முழுக்க முழுக்கத் திரயோதசி. வடநாட்டு அளவை எடுத்துப் பார்த்தாலும், ஞாயிறு பிரதோஷ காலம் இரவு 9.44க்கு முடிந்துவிடுகிறது, திதியோ 9.55க்குத்தான் வருகிறது. எந்த அளவிலும் ஜொகூருக்கு ஞாயிறு கிடையாது. தைப்பூசத்துக்கு முந்தைய மாலையான திங்களே பிரதோஷம், அதுவும் சோமவாரப் பிரதோஷம்.

சென்னையின் நிலைமை இன்னும் வேடிக்கை. அங்கே தமிழ்நாட்டு அளவில் பார்த்தால் திங்கள் வருகிறது, வடநாட்டு அளவில் பார்த்தால் ஞாயிறு வருகிறது. ஒரே ஊருக்கு இரண்டு இணையதளங்கள் இரண்டு தேதி போட்டால், இரண்டில் ஒன்று பொய் என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது. எந்த அளவில் பார்த்தார்கள் என்பதே கேள்வி.

இரு மாலையும் நழுவப் பார்த்த சனிப் பிரதோஷம்

மேலே சொன்னது எளிய கணக்கு. அதே ஆண்டு அக்டோபரில் வந்தது கொஞ்சம் சிக்கலானது.

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை. திரயோதசி இந்திய நேரம் மாலை 5.09க்குத் தொடங்கி, மறுநாள் மாலை 3.03க்கு முடிந்தது. சென்னையில் அஸ்தமனம் 5.57. சூரியன் மறைய 48 நிமிடம் இருக்கும்போதே திதி வந்துவிட்டது. அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை, சனிப் பிரதோஷம்.

அதையே ஜொகூருக்கு மாற்றுவோம். திதி தொடங்கியது சனி இரவு 7.39, முடிந்தது ஞாயிறு மாலை 5.33. இங்கே அஸ்தமனம் சனியன்று மாலை 6.57. சூரியன் மறைந்து 42 நிமிடம் கழித்துத்தான் திரயோதசி வந்தது. ஞாயிறன்றோ சூரியன் மறைய 83 நிமிடம் இருக்கும்போதே போய்விட்டது. ‘அஸ்தமன நேரத்தில் என்ன திதி?’ என்று மட்டும் கேட்டால் சனிக்கிழமைக்கு விடை துவாதசி, ஞாயிற்றுக்கிழமைக்கு விடை சதுர்த்தசி. திரயோதசி இரண்டு அஸ்தமனங்களுக்கும் நடுவே நழுவிவிட்டது.

இப்படி நடப்பது திதியின் நீளம் குறைவதால். சந்திரன் பூமிக்கு அருகில் வரும்போது வேகமாக ஓடுகிறது, 12 பாகையைச் சீக்கிரம் கடந்துவிடுகிறது. அந்த அக்டோபர்த் திரயோதசியின் நீளம் 21 மணி 54 நிமிடம்தான். சந்திரன் தொலைவில் மெதுவாகப் போகும் காலத்தில் ஒரு திதி 26 மணி நேரத்தைத் தாண்டியும் நீளும். திதி என்றால் ஒரு நாள் என்று மனத்தில் பதிந்திருப்பதால்தான் நமக்கு இது புதிராகத் தெரிகிறது.

மூன்றே முக்கால் நாழிகைக் கணக்கு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. சனி மாலை பிரதோஷ காலம் 5.27 முதல் 8.27 வரை. அதற்குள் திரயோதசி 7.39 முதல் 8.27 வரை, 48 நிமிடம், அதாவது இரண்டு நாழிகை. ஞாயிறு பிரதோஷ காலம் தொடங்கியது 5.26க்கு, திதி முடிந்தது 5.33க்கு. ஏழே நிமிடம். வடநாட்டு அளவில் சனிக்கிழமைக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு வழியிலும் சனிக்கிழமைதான்.

ஆக, தேதி சென்னைக்கும் நமக்கும் ஒன்றே. ஆனால் மணி ஒன்றல்ல. அன்று வழக்கம்போல ஐந்தரை மணிக்கு அபிஷேகம் தொடங்கி ஏழு மணிக்குத் தீபாராதனை முடித்திருந்தால், பூஜை முழுவதும் துவாதசியில் நடந்து முடிந்திருக்கும். திதியோடு சேர்த்துச் செய்ய விரும்பினால், தீபாராதனையை 7.39க்குப் பிறகு வைத்திருக்க வேண்டும். விரதம் இருந்தவர் அதுவரை காத்திருந்து பிறகு உணவு எடுத்திருக்க வேண்டும். ஜொகூரில் பிரதோஷ காலம் முடிந்த 8.27 மணிக்குத்தான் சென்னையில் சூரியன் மறைந்தது. அங்கிருந்து நேரலையில் நந்தி அபிஷேகம் பார்த்து, அது முடியும் நேரத்தில் வீட்டில் விளக்கேற்றியவர்களுக்கு நம் ஊர்ப் பிரதோஷ காலம் கடந்துபோயிருக்கும்.

வீட்டிலேயே பார்ப்பதற்கு

இதற்குப் பெரிய சோதிட ஞானம் தேவையில்லை. திரயோதசி தொடங்கும் நேரம், முடியும் நேரம், நம் ஊர் அஸ்தமன நேரம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும்.

முதல் இரண்டும் நாள்காட்டியில் கிடைக்கும். ஆனால் அந்த நாள்காட்டி இந்திய நேரத்தில் அச்சானதா, மலேசிய நேரத்தில் அச்சானதா என்று முதலில் தெரிய வேண்டும். சூரிய உதயம் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். ஜொகூரில் காலை 6.45க்கு முன் சூரியன் உதிப்பதே இல்லை. நாள்காட்டியில் 6.05, 6.20 என்று இருந்தால் அது இந்திய நேரம், இரண்டரை மணி கூட்ட வேண்டும். கூட்டும்போது தேதியையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இரவு 10 மணி என்பது இங்கே மறுநாள் அதிகாலை 12.30. இந்தத் தேதி மாற்றத்தில்தான் பலர் ஒரு நாள் தவறவிடுகிறார்கள்.

மூன்றாவதான அஸ்தமன நேரத்துக்கு ஜொகூரில் ஒரு சுலபமான வழி உண்டு. மாலை மக்ரிப் தொழுகை நேரம் சூரிய அஸ்தமனத்தை ஒட்டியே வைக்கப்படுகிறது, ஓரிரு நிமிடம்தான் கூட இருக்கும். வானொலியில் மக்ரிப் அறிவிப்பு வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் அதுவே போதுமான துல்லியம். அதிலிருந்து ஒன்றரை மணி பின்னே, ஒன்றரை மணி முன்னே எண்ணினால் நம் ஊரின் பிரதோஷ காலம் வந்துவிடும்.

ஜொகூருக்குள் ஊருக்கு ஊர் பெரிய மாற்றமில்லை. குளுவாங்கில் ஜொகூர் பாருவைவிட இரண்டு நிமிடமும், மூவாரில் ஏறக்குறைய ஐந்து நிமிடமும் தாமதமாகச் சூரியன் மறையும். சிங்கப்பூர் அஸ்தமனமும் ஜொகூர் பாருவின் அஸ்தமனமும் ஒன்றே என்று சொல்லலாம். பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் அங்கே சிங்கப்பூருக்கென்று கணித்த நாள்காட்டி வாங்கினால், அதை அப்படியே இங்கே பயன்படுத்தலாம். கோலாலம்பூர்க் கணக்கும் பெரும்பாலும் பொருந்தும், எட்டு நிமிடம்தான் வித்தியாசம். செயலியில் ஊரை மாற்றும் வசதி இருந்தால் ஜொகூர் பாரு என்று வைத்துக்கொண்டால் சரி. அப்போதும் அது எந்த அளவுப்படி நேரம் காட்டுகிறது என்பதை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. அஸ்தமனத்திலிருந்து தொடங்கினால் அது வடநாட்டு அளவு.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கு தீர்த்து வைக்காது. மேலே சொன்ன திதி நேரங்கள் எல்லாம் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கு உரியவை. வாக்கியப் பஞ்சாங்கத்தில் திதி தொடங்கும் நேரம் இதிலிருந்து மணிக்கணக்கில்கூட மாறும். அக்டோபர் 4 போன்ற விளிம்பில் நிற்கும் நாள்களில் அந்த மாற்றம் முடிவையே புரட்டிவிடலாம். ஒரு மாதம் வாக்கியம், மறுமாதம் திருக்கணிதம் என்று வசதிக்கேற்ப மாறிக்கொண்டிருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. போகிற ஆலயத்தில் எதைப் பின்பற்றுகிறார்கள் என்று குருக்களிடம் கேட்டு, அதையே வீட்டிலும் வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. கேட்கும்போது, திதி இரவு ஏழுக்கு மேல் தொடங்கும் மாதங்களில் தீபாராதனை எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொண்டால், வேலை முடிந்து வருகிறவர்கள் அவசரமாக ஓடி வர வேண்டியிருக்காது.